விருதுக்கு யார் பெயரை வைப்பது?

வாசகர் கடிதம்

"டெல்டா மாவட்டம் ஒன்றில் மரபு நெல் ரகங்களைச் சாகுபடி செய்யும் விவசாயிகளின் சங்கத்துக்கு நான் செயலாளர். சங்கம் முறையாகப் பதிவானது. ஆண்டுதோறும் விதைத் திருவிழா நடத்தி விதைநெல்லைப் பரிமாறிக்கொள்கிறோம். வரும் ஆண்டு முதல், அழியும் நிலையில் இருந்த ரகத்தை மீட்டுப் பெருக்கிய ஒருவருக்கு விருது கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். பெயரில்தான் சிக்கல்.

நம்மாழ்வார் பெயரை வைக்கலாம் என்கிறார்கள் சிலர். எங்கள் சங்கத்தைத் தொடங்கி, நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்த பெரியவரின் பெயர்தான் வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். அவருடைய மூத்த மகன் வாய்வார்த்தையாகச் சம்மதம் சொல்லிவிட்டார். இதற்கிடையே பக்கத்து ஊர் ரைஸ் மில் உரிமையாளர், தன் அப்பா பெயரை வைத்தால் ஐந்து லட்சம் தருவதாகச் சொல்கிறார். எனக்கோ 'மரபு விதைக் காப்பாளர் விருது' என்று பொதுவாக வைப்பதே நல்லது என்று படுகிறது.

இறந்தவர் பெயரை வைக்க யார் அனுமதியும் வேண்டாம், சங்கம் பதிவாகியிருப்பதால் விருதின் பெயரை வேறு யாரும் எடுக்க முடியாது, சரிவராவிட்டால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் தலைவர். இருபது, முப்பது ஆண்டு கழித்தும் இந்த விருதுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. என்ன பெயர் வைக்கலாம், எதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?"

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருதின் பெயரில் எந்த மனிதருடைய பெயரும் வேண்டாம். நீங்கள் போற்ற நினைக்கும் வேலையிலிருந்தே, உங்கள் ஊர் வயலிலும் வீட்டிலும் புழங்குகிற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரையும், பணம் தர முன்வந்திருப்பவரின் தந்தையையும் கௌரவிக்க விருதுக்கு உள்ளேயே வேறு இடங்கள் இருக்கின்றன. உங்கள் தலைவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மறைந்தவர் பெயர், குடும்பத்தின் சம்மதம்

ஒருவர் இறந்த பிறகு அவருடைய புகழ், வீடு நிலம் போல வாரிசுகளுக்குச் சொத்தாக இறங்குவதில்லை. முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக எடுப்பதை எதிர்த்து அவருடைய உறவினர் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் இதைத் தெளிவாகவே சொன்னது. தனியுரிமையும் நற்பெயரும் அந்த மனிதரோடு முடிந்துவிடுகின்றன, அவற்றை வாரிசுகள் பரம்பரைச் சொத்தாகக் கோர முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த அளவில் உங்கள் தலைவர் சொல்வது சரி.

ஆனால் சட்டத்தில் வெல்ல முடியும் என்பது வேறு, வழக்கே வராது என்பது வேறு. விருதுக்கு உண்மையில் சேதம் செய்வது தீர்ப்பைவிட வழக்குத்தான். இதற்கு நம் கண்முன் நடந்த உதாரணம் எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலான விருது. சென்னை மியூசிக் அகாடமி தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகிக்கும் கலைஞருக்கு 1942 முதல் 'சங்கீத கலாநிதி' என்ற பட்டத்தை அளித்துவருகிறது. அந்தப் பட்டம் பெறுபவருக்கு, 2005 முதல் ஒரு நாளிதழ் நிறுவனம் எம்.எஸ். பெயரில் ஒரு லட்சம் ரூபாய் விருது ஒன்றையும் தந்துவந்தது. 2024-ல் அந்த ஆண்டின் விருதாளர் தேர்வை ஏற்காத எம்.எஸ்.ஸின் பேரன் நீதிமன்றத்துக்குப் போனார். தன் பெயரில் அறக்கட்டளையோ நினைவுச் சின்னமோ சிலையோ வைக்கக் கூடாது, நிதி திரட்டக் கூடாது என்று எம்.எஸ். 1997-ல் எழுதிய உயில்தான் அவர் கையில் இருந்த ஆவணம்.

நவம்பர் 2024-ல் தனி நீதிபதி, எம்.எஸ். பெயரில் விருது தரத் தடை விதித்தார். டிசம்பர் 13-ல் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தடையை நீக்கியது. டிசம்பர் 15-ல் விருது வழங்கப்பட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம், விருது பெற்றவரை அந்த விருதாளராக இப்போதைக்கு அங்கீகரிக்கக் கூடாது, அவரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் மூன்று உத்தரவுகள். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாக எந்தச் சர்ச்சையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த விருது அது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதே கலைஞருக்கு அகாடமி தந்த 'சங்கீத கலாநிதி' பட்டத்தை இந்த உத்தரவுகள் எதுவும் தொடவில்லை. அது துறையின் பெயரால் அமைந்த பட்டம், அகாடமியே உருவாக்கியது. அதைக் கேள்வி கேட்க உயிலும் இல்லை, வாரிசும் இல்லை. 2025 ஜனவரி 1-ல் அது வழக்கம்போல வழங்கப்பட்டது. ஒரே மேடை, ஒரே கலைஞர், இரண்டு பெயர்கள். மனிதர் பெயரைத் தாங்கிய விருதுதான் சிக்கிக்கொண்டது.

இனி உங்கள் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். மூத்த மகன் மட்டும் வாயால் சொன்ன சம்மதம் போதாது. மனைவி உயிரோடு இருந்தால் அவருக்கும், மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கருத்து இருக்கும். அதோடு, மரபு நெல்லுக்காக உழைத்த பலர் விருது, பாராட்டு என்று எதையும் விரும்பாதவர்கள். உங்கள் பெரியவர் அப்படி எங்காவது பேசியிருக்கிறாரா, எழுதி வைத்திருக்கிறாரா என்று குடும்பத்திடம் கேட்டீர்களா? பெயரை வைக்காவிட்டாலும் கேளுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. விருதின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யப் போனால், உயிரோடு இருப்பவர் அல்லது கடந்த 20 ஆண்டுகளுக்குள் இறந்தவர் ஒருவரோடு தொடர்பு இருப்பதாகக் காட்டும் பெயருக்கு, அவரோ அவருடைய சட்டப்படியான வாரிசுகளோ எழுத்தில் தரும் சம்மதத்தைப் பதிவாளர் கேட்க முடியும். வணிகச் சின்னச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆக, 'யார் அனுமதியும் வேண்டாம்' என்பது அந்த மேசையில் நிற்காது.

நம்மாழ்வார் பெயரில் உள்ள சிக்கல் வேறு விதமானது. அவர் 2013 டிசம்பரில் மறைந்தார். அவர்மேல் உங்கள் உறுப்பினர்களுக்கு இருக்கும் மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் உயிர்ம வேளாண்மைக்கு அவர் பெயரில் ஒரு விருதைத் தமிழக அரசே 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பல அமைப்புகளும் அவர் பெயரில் விழாக்கள் நடத்துகின்றன. உங்கள் சங்கம் அதே பெயரில் விருது தந்தால், கேட்கிறவருடைய முதல் கேள்வி 'அரசு விருதா?' என்பதாகத்தான் இருக்கும். 'இல்லை' என்று சொல்லும் நிலைக்கு விருது பெற்ற விவசாயியைத் தள்ளிவிடாதீர்கள். பெரிய பெயரை வைத்தால் மதிப்புத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அந்த மதிப்பு அந்தப் பெரியவருக்கு உரியது. அது உங்கள் விருதின்மேல் ஒட்டிக்கொள்வதில்லை.

ஐந்து லட்சத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

மில் உரிமையாளரின் பணத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. பெயரையும் பணத்தையும் பிரித்து வையுங்கள் என்கிறேன்.

பிரிட்டனில் பெண் நாவலாசிரியர்களுக்கான பரிசு ஒன்று 1996-ல் தொடங்கியது. ஆரஞ்ச் என்ற தொலைபேசி நிறுவனம் ஆதரவு தந்ததால் அதற்கு ஆரஞ்ச் பரிசு என்று பெயர். 2012-ல் அந்த நிறுவனம் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு, பெண்களின் புனைவுப் பரிசு என்ற பொதுப்பெயரில் நடந்தது. 2014-ல் ஒரு மதுபான நிறுவனம் வந்ததும் பெய்லிஸ் பரிசு ஆனது. 2018-ல் மறுபடியும் பழைய பொதுப்பெயருக்கே திரும்பினார்கள். அதன் பிறகு பெயரை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்கவில்லை, பல ஆதரவாளர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிறார்கள். பரிசு ஒன்றுதான், நடுவர் முறையும் அதுதான். ஆனால் 2005-ல் வென்றவரின் அட்டையில் ஒரு பெயர், 2015-ல் வென்றவரின் அட்டையில் வேறு பெயர். இரண்டும் ஒரே பரிசு என்று புதிதாக வருகிற வாசகருக்கு யாராவது விளக்கித்தான் ஆக வேண்டும். விருதின் மதிப்பு என்பது பெரும்பாலும் அதை முன்பு வாங்கியவர்களின் வரிசைதான். பெயர் மாறும்போது அந்த வரிசை அறுந்துபோகிறது.

உங்களுக்கு வரப்போகும் தொகையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து லட்சத்தை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வைப்புநிதியாகப் போட்டால் 35,000 ரூபாய் கிடைக்கும். முழுவதையும் பரிசுக்கும் விழாவுக்கும் செலவழித்தால் முதல் சில ஆண்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று 25,000 ரூபாய்ப் பரிசு பத்து ஆண்டில் இன்றைய 15,000 ரூபாய் அளவுக்குத்தான் பெறும். அதற்குப் பதிலாக, 25,000 ரூபாயைப் பரிசாகக் கொடுத்து, மீதி 10,000 ரூபாயை ஆண்டுதோறும் மூலதனத்திலேயே சேர்த்து, வட்டியை இதே விகிதத்தில் தொடர்ந்து பிரித்து வந்தால், பத்து ஆண்டில் மூலதனம் ஆறு லட்சத்தைத் தாண்டும், பரிசும் 30,000 ரூபாய் ஆகும். விலைவாசியை முழுவதும் ஈடுகட்டாது, ஆனாலும் தேய்மானம் குறையும். விழாச் செலவைச் சங்கத்தின் பொதுக்கணக்கு ஏற்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால், என்றென்றைக்கும் விருதின் பெயரையே எழுதிக் கொடுக்கும் அளவுக்கு ஐந்து லட்சம் பெரிய தொகை இல்லை என்பது தெரியும்.

அதனால் அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். விருதின் பெயர் சங்கத்துடையது. பரிசுத்தொகை மட்டும் 'இன்னார் நினைவு நிதியிலிருந்து' வழங்கப்படும். அழைப்பிதழிலும் சான்றிதழிலும் இந்த வரி விருதின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், எல்லா ஆண்டும் இருக்கும். மூலதனத்தைத் தொடாமல் வட்டியில் நடத்துவதால் இந்த வரியை நிரந்தரமாகவே தரலாம், அது நியாயம். வேறு யாராவது ஒரே ஒரு ஆண்டுக்குப் பணம் கொடுத்தால், அவர் பெயர் அந்த ஆண்டோடு முடிந்துவிட வேண்டும்.

பணம் வாங்கும்போது அவரிடமிருந்து ஒரு கடிதம் கட்டாயம் வாங்குங்கள். இது மூலதன நிதிக்கான நன்கொடை, வட்டியை மட்டும்தான் செலவழிக்கலாம் என்று அதில் அவர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் இதை மூலதன நன்கொடையாகக் காட்ட அந்தக் கடிதம்தான் ஆதாரம். உங்கள் ஆடிட்டரும் முதலில் அதைத்தான் கேட்பார். நன்கொடையாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ தேர்வுக் குழுவில் இடமில்லை என்ற வரியும் அதே கடிதத்தில் இருக்கட்டும். மில் நடத்துகிறவர் நெல் விவசாயிகளிடம் நெல் வாங்குகிறவர். விருது பெறப்போகிறவர் நாளைக்கே அவருக்கு நெல் போடுகிற ஆளாக இருக்கலாம். அவரிடம் தப்பான எண்ணம் இருப்பதாக நான் சொல்லவில்லை, ஆனால் ஊர் பேசத் தொடங்கினால் அந்த ஆண்டின் விருதாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் பொதுப்பெயரில் எனக்குள்ள தயக்கம்

நீங்கள் நினைத்திருக்கும் 'மரபு விதைக் காப்பாளர் விருது' சரியான திசையில்தான் இருக்கிறது. கருப்பொருளைச் சொல்கிறது, யாரையும் புண்படுத்தாது. எனினும் இரண்டு காரணங்களால் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன்.

முதலாவது, பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-ன் கீழ் இயங்கும் மத்திய ஆணையம், மரபு ரகங்களைக் காத்துவரும் விவசாயிகளுக்கும் ஊர்ச் சமூகங்களுக்கும் 'காப்பாளர்' என்று பொருள்படும் பெயரிலேயே விருதுகள் தருகிறது. உங்கள் விருதையும் அதையும் செய்தித்தாளே குழப்பிக்கொள்ளும். அரசின் ஆதரவு இருப்பதுபோலத் தோன்றும் பெயர்களைத் தொழில், வணிகம், வணிகச் சின்னம் ஆகியவற்றில் பயன்படுத்துவதை 1950-ம் ஆண்டுச் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் தடுக்கிறது. உங்கள் விருது அதில் மாட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் 'தேசிய', 'தமிழ்நாடு மாநில' போன்ற அடைமொழிகளை முன்னால் சேர்க்கும் ஆசை உங்கள் குழுவில் யாருக்காவது வந்தால் இதை நினைவூட்டுங்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. செய்கிற வேலையை அப்படியே வர்ணிக்கும் சொற்களை ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. 'சிறந்த விவசாயி விருது' என்பதை எந்தச் சங்கமும் வைக்கலாம். அதே காரணத்தால் எந்தச் சங்கமும் அதைத் தடுக்கவும் முடியாது. 'மரபு விதைக் காப்பாளர்' என்பதும் அப்படித்தான். சங்கத்தைப் பதிவு செய்தபோது சங்கத்தின் பெயர்தான் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. விருதின் பெயருக்கும் அந்தப் பதிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் தலைவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அப்படியானால் எப்படிப்பட்ட பெயர்? கருப்பொருளை நேராக வர்ணிக்காமல், அதைச் சுட்டிக்காட்டும் பெயர். உங்கள் பகுதியில் விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, வைக்கோலைப் பரப்பி அதில் கொட்டி, வைக்கோல் பிரியால் இறுகச் சுற்றி உருண்டையாகக் கட்டி, சாணியும் மண்ணும் பூசி வைப்பார்கள் அல்லவா? விதைக்கோட்டை. அடுத்த பட்டம் வரை விதையைப் பூச்சியிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பாற்றியது அதுதான். 'விதைக்கோட்டை விருது' என்று வைத்தால், நீங்கள் எதற்காக இந்த விருதைக் கொடுக்கிறீர்கள் என்பதை விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர் கேட்டால், விளக்குகிற சாக்கிலேயே உங்கள் வேலையும் அவருக்குப் போய்ச் சேரும்.

இந்தப் பெயரில் 'நெல்' இல்லாததும் நல்லதுதான். இன்றைக்கு உங்கள் சங்கம் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று நெல்லோடு நிற்கிறது. பதினைந்து ஆண்டு கழித்துச் சிறுதானியமோ நாட்டுக் காய்கறி விதையோ காக்கிறவருக்குத் தர ஆசைப்பட்டால் பெயர் குறுக்கே வராது. எந்த ரகத்தின் பெயரையும் விருதுக்கு வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். ரகத்தின் பெயர் தகுதியுரையில் வரட்டும். 'இந்த ஆண்டு விதைக்கோட்டை விருது, காட்டுயானத்தை மீட்டவருக்கு' என்று ஆண்டுதோறும் ஒரு ரகம் சேர்ந்துகொண்டே போனால், அந்தப் பட்டியலே ஒரு ஆவணமாகிவிடும்.

இது ஒரு யோசனைதான். 'பத்தாயம்', 'குதிர்' என்று உங்கள் உறுப்பினர்கள் வேறு சொன்னால் அதையும் பாருங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதே பெயரில் வேறு அமைப்போ விதை நிறுவனமோ இருக்கிறதா என்று இணையத்திலும், வணிகச் சின்னப் பதிவேட்டின் பொதுத் தேடலிலும் முதலில் தேடிவிடுங்கள். விதை விற்கும் நிறுவனம் ஒன்று அந்தப் பெயரை வைத்திருந்தால், விருதே அவர்களுக்கு விளம்பரம் ஆகிவிடும்.

பெரியவரை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். விருது வழங்கும் நாளில் விருதாளர் பேசும் உரைக்கு அவர் பெயரை வையுங்கள். நினைவுச் சொற்பொழிவு என்பது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமானது. நாளைக்குக் குடும்பத்தில் யாருக்காவது மனவருத்தம் வந்தால், உரையின் பெயரை மட்டும் எடுத்துவிடலாம், விருதுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றுவதைக் கடினமாக்குங்கள்

'அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம்' என்ற யோசனையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பதிவுபெற்ற சங்கத்தில் செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 சொல்கிறது. அதாவது இருபது ஆண்டில் ஏழு செயற்குழுக்களாவது வரலாம். ஒவ்வொரு குழுவுக்கும் தனக்குப் பிடித்த தலைவர் ஒருவர் இருப்பார், நன்கொடையாளர் ஒருவரும் இருப்பார். எனவே பெயரைச் செயற்குழுத் தீர்மானத்தோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு, மூன்று பக்கத்தில் ஒரு விருது விதிமுறை எழுதி, ஆண்டுப் பொதுக்குழுவில் வைத்து நிறைவேற்றுங்கள். பெயரை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுப் பொதுக்குழுக்களில், வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி சேருங்கள். ஒரு கூட்டத்தின் கோபத்திலோ உற்சாகத்திலோ பெயர் மாறாமல் இருக்க அந்த ஓர் ஆண்டு இடைவெளி உதவும். சங்கத்தின் துணைவிதியிலேயே இதைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். ஆனால் பிறகு சின்னத் திருத்தத்துக்கும் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். தனி விதிமுறையே உங்களுக்கு வசதி.

மாற்ற வேண்டிய கட்டாயம் எப்போதாவது வரவும் செய்யலாம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, 1954-ல் ஒரு எழுத்தாளர் பெயரில் தொடங்கிய விருதை 2018-ல் பெயர் மாற்றியது. அவருடைய நூல்களில் பூர்வகுடிகளையும் கறுப்பின மக்களையும் சித்திரித்த விதம் அந்தச் சங்கத்தின் இன்றைய கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்பது காரணம். புதிய பெயர், சிறுவர் இலக்கியப் பங்களிப்பு என்ற பொருளில் அமைந்த கருப்பொருள் பெயர். அறுபது ஆண்டு கழித்து, முன்பு வாங்கியவர்களையெல்லாம் புதிய பெயரின் கீழ் தொகுத்துக்கொண்டு தொடர்கிறார்கள். உங்கள் விதிமுறையிலும், பெயர் மாறினால் பழைய விருதாளர்கள் எல்லோரும் புதிய பெயரின் விருதாளர்களாகவே கருதப்படுவார்கள் என்று ஒரு வரி இருக்கட்டும்.

பெயரை வணிகச் சின்னமாகப் பதிவதும் நல்லது. கல்வி, கலாசார நிகழ்ச்சிகளுக்கான 41-ம் வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். இணையவழி அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்குச் சங்கங்களுக்கு 9,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். முதல் ஆண்டிலேயே பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். பதிவு இல்லாவிட்டாலும், ஒரு பெயரை முதலில் தொடங்கித் தொடர்ந்து பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும். அதற்காக ஒவ்வோர் ஆண்டின் அழைப்பிதழ், சான்றிதழ் நகல், செய்தித்தாள் வெட்டு ஆகியவற்றைத் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள். பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஓர் ஆண்டு 'விதைக்கோட்டை விருது', மறு ஆண்டு 'விதைக்கோட்டைச் செம்மல் விருது' என்று மேடை உற்சாகத்தில் மாறினால், கோப்பு இருந்தும் பயனில்லை.

விதிமுறையில் இன்னும் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். தகுதியானவர் கிடைக்காத ஆண்டில் விருது இல்லை என்று அறிவிக்கும் உரிமை தேர்வுக் குழுவுக்கு இருக்க வேண்டும். அமெரிக்காவின் புலிட்சர் பரிசு 2012-ல் புனைவுப் பிரிவில் யாருக்கும் தரப்படவில்லை. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆனால் விழாவுக்கு ஆள் வேண்டுமே என்று ஒரே ஓர் ஆண்டு தகுதியில்லாதவருக்குக் கொடுத்துவிட்டால், அவர் பெயர் பட்டியலில் எப்போதும் இருக்கும், மற்றவர்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். பதவியில் இருக்கும் செயற்குழு உறுப்பினருக்குத் தரக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். இளைஞர் விருது, மகளிர் விருது, சிறப்பு விருது என்று அதே பெயரில் கிளைகள் பிரிக்க வேண்டாம். ஒரு பெயர், ஆண்டுக்கு ஒருவர்.

அப்புறம், பொதுக்குழு நோட்டீஸ் அனுப்பும் முன் மில் உரிமையாளரிடம் நீங்களும் தலைவரும் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். பெயர் வேறாக முடிவானதை அவர் கூட்டத்தில் கேள்விப்படக் கூடாது. நினைவு நிதி ஏற்பாட்டுக்கு அவர் சம்மதித்தால் கடிதத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தாலும் விருது நிற்க வேண்டாம். முதல் ஆண்டில் 10,000 ரூபாயும், சங்கத்து விவசாயிகளே கட்டிய ஒரு விதைக்கோட்டையும் தாராளமாகப் போதும். தொகையைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். அதனால் விதிமுறையில் ரூபாய்க் கணக்கை எழுத வேண்டாம், 'செயற்குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தொகை' என்று மட்டும் எழுதுங்கள்.